மேற்கோளின் அளவும் அறமும்

ஒரு பாடலைப் பற்றி எழுதப் புகும் திறனாய்வாளன் முன்னே எழும் முதல் வினா, அப்பாடலிலிருந்து எத்தனை வரிகளை எடுத்துக் காட்டலாம் என்பதாகும். சிலர் இதனைச் சட்டத்தைச் சார்ந்த வினா என்று கருதி, நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது என்று தமக்குத் தாமே ஒரு வரம்பு கட்டிக்கொள்கின்றனர். வேறு சிலர், பாடல் நல்ல பாடலாயின் முழுவதையும் எடுத்து எழுதுவதே கவிஞனுக்குச் செய்யும் பெருமை என்று எண்ணுகின்றனர். இரு சாராரும் வரிகளை எண்ணுவதிலேயே நிற்கின்றனர். ஆனால், மேற்கோளில் நேரும் அநீதி இரு வகைப்பட்டது. மிகுதியாக எடுப்பது கவிஞனின் உழைப்பின் பயனை எடுத்துக்கொள்வது. குறைவாக எடுப்பது அவன் சொன்ன பொருளையே எடுத்துவிடுவது. முதல் அநீதியைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இவ்விரண்டுக்கும் இடையே அளவு காண்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பழைய வழக்கு

மேற்கோள் காட்டுதல் தமிழுக்குப் புதியதன்று. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் தத்தம் உரைகளில் பழம்பாடல்களை இடந்தோறும் எடுத்துக் காட்டியுள்ளனர். பல இடங்களில் ஒரு செய்யுளின் தொடக்கச் சொற்கள் சிலவே தரப்படும். எஞ்சியவை கற்போன் நெஞ்சில் இருந்தன. ஆகவே அக்குறிப்பே போதுமானதாயிற்று. அந்நாளில் அளவைத் தீர்மானித்தது கற்போனின் நினைவு.

அவ்வழக்கில் ஒரு குறையும் இருந்தது. எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பல இடங்களில் உரையாசிரியர்கள் சொல்லாமல் விட்டனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்களின் மூலத்தைக் கண்டறிய எவ்வளவு உழைத்தார் என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியுள்ளார். பெயர் சுட்டாத மேற்கோள் பின்வருவோர்மேல் எத்துணைப் பெரிய சுமையாய் விழும் என்பதற்கு அவ்வுழைப்பே சான்று.

முழுப் பாடல்களை எடுத்துத் தந்தவர்களால் அன்றோ அழிந்த நூல்கள் பிழைத்தன என்று ஒருவர் வாதிடலாம். முத்தொள்ளாயிரத்தில் இன்று கிடைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களைக் காத்துத் தந்தது புறத்திரட்டு என்பது உண்மையே. ஆயினும், புறத்திரட்டு ஒரு தொகை நூல்; பாடல்களைத் திரட்டித் தருவதே அதன் பணி. திறனாய்வின் பணி அதுவன்று. திறனாய்வு ஒரு கருத்தைச் சொல்லி, அக்கருத்துக்குச் சான்றாகப் பாடலை அழைக்கிறது. சான்று சொல்ல அழைக்கப்பட்டவரிடம் வழக்குக்கு வேண்டியதையே கேட்பர். அவர் வாழ்நாள் கதை முழுவதையும் கேட்பதில்லை. அதே வேளையில், அவர் சொன்னதில் பாதியை மறைப்பதும் நீதியாகாது.

சட்டம் கூறுவதும் கூறாததும்

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் திறனாய்வுக்கும் மதிப்புரைக்கும் இடம் தருகின்றன. ஆனால் இத்தனை வரி, இத்தனை விழுக்காடு என்று திறனாய்வுக்கு இவ்விரண்டும் எல்லை வகுக்கவில்லை. வெளிவந்த நூலிலிருந்து காட்டும் மேற்கோள் முறையான வழக்கத்தோடு பொருந்தியதாகவும், அதன் அளவு நோக்கத்திற்கு வேண்டியதை மிஞ்சாததாகவும் இருத்தல் வேண்டும் என்பதும், மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்பதும் மலேசியச் சட்டத்தின் கருத்து. இங்கே அளவுகோலாக வைக்கப்பட்டது நோக்கமேயன்றி எண்ணன்று. நான்கு வரி வரை தடையில்லை என்னும் நம்பிக்கைக்கு இச்சட்டங்களில் ஆதாரம் இல்லை.

எண்ணை மட்டும் நம்புவது ஏன் தவறு என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மேற்கோளின் அளவு பற்றிய வழக்கு ஒன்று வந்தது. அதில் நீதிபதிகளுள் ஒருவர் கல்லறைக் கல்லில் பொறித்த வாசகத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அத்தகைய வாசகம் மிகச் சிறியது. அதைத் திறனாய்வு செய்ய விரும்புவோன் முழுவதையும் எடுத்துக் காட்டினாலும் அது நேர்மையான செயலாக இருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. நூற்றுக்கு நூறு எடுத்தும் நேர்மை கெடாத இடம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்று 1985ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. முன்னாள் அதிபர் ஃபோர்டின் நினைவுநூல் வெளிவருமுன்பே ஓர் இதழ் அதிலிருந்து ஏறத்தாழ முந்நூறு சொற்களை எடுத்து வெளியிட்டது. நூலோ இரண்டு இலட்சம் சொற்களைக் கொண்டது. எண்ணிப் பார்த்தால் எடுக்கப்பட்டது ஒரு துளி. ஆயினும் எடுக்கப்பட்டது நூலின் உயிர்ப்பகுதி என்பதைக் கருதியும், நூல் இன்னும் வெளிவராததைக் கருதியும், அச்செயல் நேர்மையானதன்று என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதியாக எடுத்தும் நேர்மை கெட்ட இடம் இது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், பத்து வரிப் பாடலில் நான்கு வரி என்பதும் இரண்டு வரி என்பதும் தம்மளவில் எதையும் சொல்லவில்லை என்பது தெளிவாகும். எந்த வரி, எதற்காக என்பதே வினா.

ஒரு பாடலும் மூன்று மதிப்புரைகளும்

இதனை விளக்க ஒரு பாடல் வேண்டும். பிறர் பாடலை எடுத்தாண்டால் அதன் அளவைப் பற்றியே ஐயம் எழுமாதலின், இக்கட்டுரைக்கெனப் புனைந்த பாடல் ஒன்று இங்கே தரப்படுகிறது. ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டச் செல்லும் தாய் ஒருத்தி, விடியுமுன் தன் மகனிடம் விடைபெறும் பாடலாக இது அமைந்தது.

விளக்கெடுத்துப் போய்வாரேன் மகனே – வாசல்
வெளுக்குமுன்னே வந்திடுவேன் மகனே

ஆயாக் கொட்டகையில் ஆடுதொரு தூளி
ஆட்டுகிற கையெல்லாம் அம்மா கைதானே
பால்நிறையும் மங்குகள் காட்டிலே நூறு
பால்கேட்கும் கிண்ணமோ வீட்டிலே ஒன்று

மழைவரணும் என்றுநீ வேண்டாதே மகனே
மழைவந்தால் நான்வருவேன், கூலிவர மாட்டாது
மழைவேண்டாம் என்றும்நீ வேண்டாதே மகனே
மழைநின்றால் கூலிவரும், நான்வர நேரமாகும்

பல்லவி இரண்டு வரி. சரணங்கள் இரண்டும் நந்நான்கு வரி. ஆகப் பத்து வரிகள். மழை பெய்தால் மங்கில் வடியும் பால் நீரோடு கலந்து வீணாகும். ஆகவே அன்று மரம் வெட்டுவதில்லை. நாட்கூலி பெறுவோர்க்கு வேலையில்லாத நாளில் ஊதியமில்லை. இவ்வளவு தெரிந்தால் பாடலின் பொருள் விளங்கும்.

முதலாவது மதிப்புரையாளர் இப்பாடலின் பத்து வரிகளையும் எடுத்து எழுதி, கீழே, ‘தோட்டத் தாயின் துயரத்தை உள்ளம் உருகப் பாடிய பாடல் இது’ என்று ஒரு தொடரைச் சேர்க்கிறார் என்று கொள்வோம். அவருக்குக் கவிஞர்மேல் அன்பு உண்டு. தீய நோக்கம் இல்லை. ஆனால் அப்பக்கத்தில் திறனாய்வு ஒரு வரி. பாடல் பத்து வரி. அப்பக்கத்தை வைத்துக்கொண்டு எவரும் பாடலைப் பாடலாம். கவிஞரின் தொகுப்பை வாங்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. மதிப்புரை பாட்டுப் புத்தகமாக மாறிவிட்டது. மேலும், அந்த ஒரு தொடருக்குப் பத்து வரியில் எதுவுமே சான்றாக வேண்டியதில்லை. எவரும் மறுக்காத கருத்துக்கு எதற்குச் சான்று?

இரண்டாவது மதிப்புரையாளர் சிக்கனமானவர். அவர் கடைசிச் சரணத்தின் முதல் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக் காட்டி, ‘மகன் தன்னை அழைப்பதைக் காட்டிலும் கூலியே பெரிது என்று கருதும் தாயைக் கவிஞர் படைத்துள்ளார்’ என்று எழுதுகிறார். எடுத்தவை இரண்டே வரி, பெயரும் சுட்டியாயிற்று, எழுத்துப் பிழையும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு இதில் குறை காண்பது அரிது. ஆனால் கவிஞருக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை. அடுத்த இரண்டு வரிகளில் அதே தாய், மழை வேண்டாம் என்றும் வேண்டாதே என்கிறாள். மழை வந்தாலும் ஒன்று போகிறது. நின்றாலும் ஒன்று போகிறது. எதை வேண்டுவது என்று மகனுக்குச் சொல்ல அவளிடம் சொல் இல்லை. அந்தத் தவிப்பே பாடல். நான்கு வரியாய் நின்ற ஒரே கூற்றை இரண்டாய் வெட்டியதால், தவித்த தாய் பணத்தாசை கொண்டவள் ஆகிவிட்டாள். மதிப்புரையை மட்டும் படிப்போர்க்கு உண்மையை அறிய வழியும் இல்லை.

மூன்றாவது மதிப்புரையாளர் தாம் சொல்ல வந்ததை முதலில் தெளிவுபடுத்திக்கொள்கிறார். அவர் சொல்ல விரும்புவன இரண்டு: இப்பாடலில் மழை என்பது எப்பக்கம் திரும்பினாலும் வெட்டும் கத்தியாக இருக்கிறது என்பது ஒன்று, பால் என்னும் சொல் மரத்துப் பாலையும் குழந்தைக்குரிய பாலையும் ஒருங்கே குறித்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் காட்டுகிறது என்பது மற்றொன்று. பல்லவியை அவர் எடுக்கவில்லை, ‘விடியுமுன் திரும்புவேன் என்று தாய் சொல்கிறாள், அது நடவாது என்பது தோட்டத்தை அறிந்த எவருக்கும் தெரியும்’ என்று உரைநடையில் சொல்லிவிடுகிறார். கடைசிச் சரணத்தைப் பற்றி எழுதும்போது, ‘மழை வேண்டும் என்றும் வேண்டாதே, வேண்டாம் என்றும் வேண்டாதே என்று தாய் இருமுறை தடுக்கிறாள்’ என்று தம் சொல்லால் கூறி, அத்தடைக்குக் காரணம் சொல்லும் இரண்டாம் வரியையும் நான்காம் வரியையும் மட்டும் எடுத்துக் காட்டுகிறார். இரண்டு வரிக்கும் இடையே ஒரு வரி விடப்பட்டது என்பதைப் புள்ளியிட்டுக் குறிக்கிறார். பால் என்னும் சொல்லைப் பற்றிப் பேசும்போது, ‘பால்நிறையும் மங்குகள்’, ‘பால்கேட்கும் கிண்ணம்’ என்னும் இரு தொடர்களே அவருக்குப் போதுமாயின.

இரண்டாமவர் எடுத்தது இரண்டு வரி. மூன்றாமவர் எடுத்ததும் இரண்டு வரியும் இரு தொடர்களுமே. அளவில் வேறுபாடு சிறிது. ஆனால் ஒன்றில் பாடல் பொய்யாயிற்று. மற்றொன்றில் மெய்யாக நின்றது.

இரண்டு சோதனைகள்

மூன்றாமவர் செய்ததைப் பிறரும் செய்வதற்கு இரண்டு எளிய சோதனைகள் போதும். ஒன்றை நீக்கல் என்றும், மற்றொன்றைச் சேர்த்தல் என்றும் கூறலாம்.

மேற்கோளைக் கட்டுரையில் வைத்த பின், அதிலிருந்து ஒரு வரியை நீக்கிப் படித்தல் வேண்டும். கட்டுரையின் வாதம் சிறிதும் தளராமல் நின்றால் அவ்வரி மிகை. இவ்வாறு வாதம் தளரும் வரை நீக்கிக்கொண்டே போகலாம். முதலாவது மதிப்புரையை இச்சோதனைக்கு உட்படுத்தினால் பத்து வரியும் போய்விடும். அங்கே தாங்குவதற்கு வாதமே இல்லை.

அடுத்து, எடுத்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படித்தல் வேண்டும். சேர்த்தபின் கட்டுரையின் கருத்து மாறுமாயின், அல்லது வலுவிழக்குமாயின், எடுத்தது போதாது. அவ்வரியையும் சேர்க்க வேண்டும். அல்லது அதன் பொருளை உரைநடையிலாவது சொல்ல வேண்டும். இரண்டும் இயலாவிடின் தம் கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவது மதிப்புரை இச்சோதனையில் உடனே வீழும். நீக்கல் சோதனை கவிஞரின் உழைப்பைக் காக்கிறது. சேர்த்தல் சோதனை கவிஞரின் பொருளைக் காக்கிறது. முன்னதை மட்டும் செய்வோர் சிக்கனத்தையே நேர்மை என்று மயங்குவர்.

இவற்றோடு ஒரு பகுப்பும் உதவும். பாடலின் கருத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் உரைநடையே போதும். பாடலின் சொல்லை, எதுகையை, ஓசையை, சொல் நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது கவிஞரின் சொல்லையே காட்ட வேண்டும்; அதை வேறு சொல்லால் கூற இயலாது. பால் என்னும் சொல்லின் இரு பொருளைச் சுருக்கவுரையில் எழுதிப் பார்த்தால் இது விளங்கும். அணிக்காக எடுக்கும் வரி, அதாவது கட்டுரைக்குத் தலைப்பாகவோ முடிப்பாகவோ ஒட்டவைக்கும் வரி, இப்பகுப்பில் எங்கும் இடம் பெறாது. பாடலின் உயிரான வரியை அதைப் பற்றிப் பேசாமலே எடுத்துச் சூடிக்கொள்வது திறனாய்வு ஆகாது.

இச்சோதனைகள் செல்லாத இடமும் உண்டு. சில பாடல்கள் மிகச் சிறியவை. குறள் ஏழே சீர் உடையது. அதில் நான்கு சீரை எடுத்துக் காட்டுதல் பொருந்தாது. குறளுக்கு உரிமைக் கேள்வி எழாது. ஆனால் இன்று எழுதும் ஒருவரின் மூன்று வரிப் புதுக்கவிதையைத் திறனாய்வு செய்யும்போது நீக்கல் சோதனை ஒன்றையும் நீக்க விடாது, முழுக்கவிதையும் வேண்டும். கல்லறை வாசகம் பற்றிய நீதிபதியின் கருத்து இங்கே துணை நிற்கும். ஆயினும் அவர் கூறியது எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதியன்று. கவிதையைவிடத் திறனாய்வு விரிவாக இருத்தல், எடுத்த ஒவ்வொரு வரியைப் பற்றியும் பேசியிருத்தல் என்பன அங்கே காக்கவேண்டியவை. கவிஞரையோ பதிப்பாளரையோ கேட்டு இசைவு பெறக்கூடுமாயின் அது சிறந்தது. ஒரு கட்டுரையில் ஒரே கவிஞரின் பத்துக் குறுங்கவிதைகளை முழுமையாக வைக்க நேர்ந்தால், இசைவு பெறாமல் எழுதுதல் தகாது; அது திறனாய்வு என்னும் பெயரில் வெளிவரும் தொகுப்பே ஆகும்.

சொல்லும் பெயரும்

அளவு சரியாயினும் மேற்கோள் பொய்க்கும் இடங்கள் இரண்டு உள. ஒன்று, பாடம். இசைப்பாடலைக் காதால் கேட்டு எழுதுவோர் பாடகர் இழுத்த இடத்தில் சொல்லைப் பிரிப்பர். ழகர ளகரங்களை மாற்றுவர். திரையரங்க வாயில்களில் ஒருகாலத்தில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும் பிழை மலிந்தவை. கவிஞரின் தொகுப்பு அச்சில் இருக்குமாயின் அதனோடு ஒப்பிட்டே எழுத வேண்டும். பாடப்பட்ட வடிவமும் அச்சு வடிவமும் வேறுபட்டால், எதைப் பின்பற்றியது என்று சொல்லிவிட வேண்டும். தமிழாசிரியர்க்கு வேறோர் இடரும் உண்டு. பாடலில் உள்ள பேச்சு வழக்கைத் திருத்தும் பழக்கம் அது. மேலே கண்ட பாடலில் ‘வாரேன்’ என்பதை ‘வருகிறேன்’ என்று மாற்றினால் இலக்கணம் சிறக்கலாம். ஆனால் அப்பொழுது பேசுபவள் தோட்டத்துத் தாய் அல்லள். மேற்கோளுக்குள் திருத்தும் உரிமை எவர்க்கும் இல்லை.

மற்றொன்று, பெயர். திரைப்பாடலைப் பாடிய நடிகரின் பெயரால் சுட்டுவது தமிழரிடையே வேரூன்றிய வழக்கம். பாடலாசிரியர் பெயர் அங்கே மறைந்துவிடுகிறது. வாய்ப்பேச்சில் இது பொறுக்கத்தக்கது. கட்டுரையில் பாடலாசிரியர் பெயரும் படத்தின் பெயரும் ஆண்டும் வேண்டும். இவை ஒரு வரியில் அடங்கும். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் வாசகன் மூலத்தைத் தேடிச் செல்ல இயலாது. தேடிச் செல்லக்கூடிய வாசகனே திறனாய்வாளன் பொய் சொல்லாமல் இருப்பதற்குக் காவல்.

காலம் தீர்க்காத கடன்

மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகளும், சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். 1981ஆம் ஆண்டில் மறைந்த கண்ணதாசனின் பாடல்களுக்கு மலேசியாவின் ஐம்பது ஆண்டுக் கணக்கு 2031ஆம் ஆண்டின் இறுதியில்தான் நிறைவெய்தும். 1921ஆம் ஆண்டில் மறைந்த பாரதியின் பாடல்களுக்கோ எக்கணக்கும் எஞ்சவில்லை; 1949ஆம் ஆண்டிலேயே அவை அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. பாரதியின் பாடலை எவரும் முழுவதுமாக அச்சிடலாம், தடுப்பாரில்லை.

எனினும், பாரதியின் பாடலில் ஒரு வரியை மட்டும் எடுத்து, அடுத்த வரி மறுக்கும் கருத்தை அவர்மேல் ஏற்றும் உரிமை எவருக்கும் பிறந்துவிடவில்லை. உழைப்பின் ஊதியம் பற்றிய கடன் காலத்தால் தீர்கிறது. பொருளைக் காக்கும் கடன் தீர்வதில்லை. மறைந்த கவிஞரால் மறுப்பு எழுத இயலாது. ஆகவே அக்கடன் காலம் செல்லச் செல்ல வலுப்பெறுகிறது என்றுகூடச் சொல்லலாம். உரிமை முடிந்த பாடலுக்கு நீக்கல் சோதனையைத் தளர்த்தலாம். சேர்த்தல் சோதனையைத் தளர்த்த இயலாது.

மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர், மேற்கோள் எத்தனை வரி என்று எண்ணுவதற்கு முன், அம்மேற்கோளின் அடுத்த வரி என்ன என்று மாணவரிடம் கேட்பாராக. விடை சொல்ல இயலாத மாணவர் பாடலைப் படிக்கவில்லை. அதிலிருந்து ஒரு துண்டைப் பெற்றுக்கொண்டவரே. அடுத்த வரியை அறிந்தும் அதை விட்டவராயின், ஏன் விட்டார் என்பதற்கு அவரிடம் காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணம் கட்டுரையின் வாதத்திற்கு அது வேண்டாமை என்பதாயின் அளவு சரி. வாதத்திற்கு அது இடையூறு என்பதாயின், நீக்க வேண்டியது அவ்வரியை அன்று, அவ்வாதத்தையே ஆகும்.